23 கிழமையில் அப்பெண்டிக்ஸ்: ஒப்பரேசனுக்குக் கையெழுத்துப் போடலாமா?

"தங்கச்சிக்கு 23 கிழமை. நேற்றுப் பின்னேரம் தொடங்கிய வயிற்றுக்குத்து இன்னும் நிற்கவில்லை. திருகோணமலை ஆஸ்பத்திரியில் வாட்டில் இருக்கிறாள். அப்பெண்டிக்ஸ், இன்றைக்கே ஒப்பரேசன் செய்யவேண்டும் என்கிறார் சர்ஜன். பித்தப்பைக் கல்லோ சலக்கல்லோ ஆகவும் இருக்கலாமே, எதுவானாலும் பிள்ளை பிறந்த பிறகு வெட்டினால் போதாதா என்று அவளுடைய மாமியார் கேட்கிறா. மயக்க மருந்து பிள்ளையைப் பாதிக்காதா? தங்கச்சி கையெழுத்துப் போடப் பயப்படுகிறாள்."

கையெழுத்தைப் போடச் சொல்லுங்கள். நான் தங்கச்சியைப் பார்க்கவில்லை. அவருக்கு இருப்பது அப்பெண்டிக்ஸ்தானா என்று இங்கே இருந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது, அது வயிற்றில் கை வைத்துப் பார்த்த சர்ஜனுடைய வேலை. ஆனால் அப்பெண்டிக்ஸ்தான் என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார் என்றால், பிள்ளை பிறக்கும்வரை பொறுத்திருப்பது என்று ஒரு வழியே கிடையாது. பிறக்க இன்னும் 17 கிழமை இருக்கிறது. பழுத்து வீங்கிய குடல்வால் சில வேளை 17 மணித்தியாலம்கூடத் தாங்காது.

நான் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர். கிழக்கிலும் வெளியிலுமாகப் பல ஆஸ்பத்திரிகளில் வேலை செய்திருக்கிறேன். கர்ப்பிணித் தாய் ஒருவர் தியேட்டர் வாசலுக்கு வரும்போது கூட வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது மயக்க மருந்தைப் பற்றித்தான். வயிற்றுக்குள்ளே சீழ் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் குழாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பயப்பட வேண்டியது அதற்குத்தான். ஒருவருடைய கதையை முழுக்கச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 26, இரண்டாவது பிள்ளை, அவருக்கும் 23 கிழமைதான். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் தொப்புளைச் சுற்றி மந்தமான ஒரு நோ தொடங்கியது. பசி இல்லை, இரண்டு தரம் சத்தி. மத்தியானம் சாப்பிட்ட நண்டுக் கறிதான் காரணம் என்று வீட்டில் முடிவு கட்டி ஓமத்தண்ணியும், பிறகு பாமசியில் வாங்கிய கேஸ்ட்ரிக் மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். நடுச்சாமத்தில் நோ இடம் மாறி வலது பக்கத்துக்கு வந்தது. தொப்புளின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடம். விடிய எழும்பி நிமிர்ந்து நடக்க முடியவில்லை. கொண்டுவந்த ஓட்டோ பள்ளத்தில் விழுந்த ஒவ்வொரு தரமும் உயிர் போகிற மாதிரி இருந்தது என்று சொன்னார். இந்த ஓட்டோ விஷயத்தை எங்களிடம் சொல்ல மறக்கவேண்டாம். குலுங்கும்போது குத்துகிறது என்றால் குடலைச் சுற்றியுள்ள சவ்வு வரை அழற்சி வந்துவிட்டது என்று அர்த்தம்.

மாமியார் கேட்ட "கல்லாக இருக்கலாமே" என்ற கேள்விக்கும் இதற்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. சலக்கல் உள்ளவர் கட்டிலில் கிடக்கமாட்டார். எழும்புவார், இருப்பார், உருளுவார், எந்தப் பக்கம் திரும்பினாலும் சுகம் கிடைக்காது. நோ விலாவுக்குப் பின்னால் தொடங்கித் தொடை இடுக்கு வரை இறங்கும், அலை அலையாக வந்து போகும். அப்பெண்டிக்ஸ் உள்ளவர் நேர்மாறாக அசையாமல் கிடப்பார். பித்தப்பைக் கல் நோ வலது விலா எலும்புக்குக் கீழே, அநேகமாகக் கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, முதுகில் வலது தோள்பட்டை வரை ஏறும். சில மணித்தியாலம் இருந்துவிட்டு அடங்கும். ஆளைப் பார்த்தே பாதி கண்டுபிடிக்கலாம் என்று என் ஆசிரியர் ஒருவர் சொல்லுவார், அது பொய்யில்லை. மீதிப் பாதிதான் கர்ப்பத்தில் சிக்கல்.

ஏனென்றால் கர்ப்பம் எல்லா அடையாளத்தையும் கொஞ்சம் கொஞ்சம் குழப்பிவிடும். கருப்பை வளர வளரக் குடல்வாலையும் மேலே தள்ளலாம், அதனால் நோ வழக்கமான இடத்துக்கு மேலே வரலாம். ஆனாலும் முக்கால்வாசிப் பேருக்கு வலது கீழ்ப்பக்கம்தான் நோகும். சத்தியும் பசியின்மையும் கர்ப்பிணிக்குப் புதிதில்லை. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சாதாரண ஆளுக்கு 11,000 தாண்டினால் சந்தேகப்படுவோம், கர்ப்பிணிக்கு 15,000, 16,000 என்பதுகூட ஒரு நோயும் இல்லாமல் இருக்கலாம். வீங்கிய குடல்வால் சிறுநீர்க் குழாயின் மேல் சாய்ந்து கிடந்தால் சலப் பரிசோதனையில் சில சீழ் அணுக்கள் வரும். அதைப் பார்த்து "சலக்கிருமி" என்று மருந்து எழுதி வீட்டுக்கு அனுப்புவதுதான் இந்த நோயில் அடிக்கடி நடக்கும் தவறு.

நான் சொல்லும் தாய்க்கும் சலத்தில் சீழ் அணு இருந்தது. ஆனால் காய்ச்சல் 37.9, நாடித் துடிப்பு 108, வெள்ளை அணு 17,400, அதில் பெரும்பகுதி கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோபில் வகை, அழற்சியைக் காட்டும் சீஆர்பீ 62. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்டுச் சொல்லலாம். சேர்த்துப் பார்த்தால் சொல்ல முடியாது. ஸ்கேனில் 9 மில்லிமீற்றர் தடிப்பில், கருவியால் அழுத்தியும் சப்பளியாத ஒரு குழாய் தெரிந்தது. 6 மில்லிமீற்றருக்கு மேலே போய், அழுத்தினால் சப்பளியாவிட்டால் அது வீங்கிய குடல்வால். பிள்ளையின் இதயத் துடிப்பு 148, நன்றாக இருந்தது.

அவர் அதிர்ஷ்டசாலி, குடல்வால் தெரிந்தது. கர்ப்பிணிகளில் பலருக்கு ஸ்கேனில் அது கண்ணில் படாது, கருப்பை மறைத்துவிடும். "ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை" என்றால் "ஒன்றும் இல்லை" என்று விளங்கிக்கொள்ளக் கூடாது. அப்படியானால் எம்ஆர்ஐ எடுக்கலாம். அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, நரம்பில் ஏற்றும் சாய ஊசியும் இதற்குத் தேவையில்லை. எம்ஆர்ஐ கைக்கெட்டாத நேரத்தில் சீட்டீ எடுக்கச் சொன்னாலும் பதறவேண்டாம். ஒரு வயிற்றுச் சீட்டீயில் பிள்ளைக்குப் போகும் கதிரின் அளவு, ஊனம் வரும் என்று பயப்படும் அளவுக்குக் கீழேதான். அதற்காக விளையாட்டுக்கு எடுப்பதில்லை. வேறு வழி இல்லாதபோது எடுப்பது.

இவ்வளவு பாடுபட்டு ஏன் உறுதிப்படுத்துகிறோம்? 2007 இல் வெளிவந்த கலிபோர்னியா ஆய்வு ஒன்று, அப்பெண்டிக்ஸ் ஒப்பரேசன் செய்த 3,133 கர்ப்பிணிகளின் பதிவுகளைப் பார்த்தது. வெடிக்காத அப்பெண்டிக்ஸ் எடுத்தவர்களில் 100 பேரில் சுமார் 2 பேர் பிள்ளையை இழந்தார்கள். வெடித்தோ சீழ் கட்டியோ போனவர்களில் சுமார் 6 பேர். திறந்து பார்த்தபோது குடல்வாலில் ஒன்றுமே இல்லாமல் இருந்தவர்களிலும் சுமார் 4 பேர் இழந்தார்கள். கடைசி எண்ணைத்தான் பலர் சொல்வதில்லை. தேவையில்லாத ஒப்பரேசனும் சும்மா போகாது. அதனால்தான் சர்ஜன் ஸ்கேன், இரத்தம், இரண்டாம் தரம் தொட்டுப் பார்ப்பது என்று சில மணித்தியாலம் எடுத்திருப்பார். நீங்கள் அதை இழுத்தடிப்பு என்று நினைத்திருக்கலாம். பழைய காலத்துத் தொகுப்புகளில் வெடித்த அப்பெண்டிக்ஸுக்கு இழப்பு 100 க்கு 30 ஐத் தாண்டியும் இருந்திருக்கிறது. நல்ல நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் நேரத்தோடு வெட்டுவதும்தான் அந்த எண்ணைக் கீழே கொண்டுவந்தன.

ஊசி மருந்திலேயே ஆற்ற முடியாதா என்று கேட்பீர்கள். கர்ப்பம் இல்லாதவர்களில் சிலருக்கு அப்படிச் செய்வதுண்டு. கர்ப்பிணிக்கு அது வழக்கமில்லை. மருந்துக்கு அடங்காமல் இரண்டு நாள் கழித்து வெடித்தாலோ, அடங்கி 32 கிழமையில் திரும்பி வந்தாலோ, இன்றைக்கு இருக்கும் நல்ல நிலை அன்றைக்கு இருக்காது.

சரி, மயக்க மருந்துக்கு வருகிறேன்.

பிள்ளைக்கு ஊனம் வருமா என்பது முதல் பயம். உறுப்புகள் உருவாவது முதல் பத்துக் கிழமைக்குள். 23 கிழமையில் கை, கால், இதயம் எல்லாம் உருவாகி முடிந்துவிட்டன, இனி வளர்வதுதான் வேலை. அது ஒரு புறம் இருக்க, முதல் மாதங்களில் கொடுத்தால்கூட இன்றைக்குப் பாவனையில் உள்ள மயக்க மருந்துகள் வழக்கமான அளவில் மனிதப் பிள்ளைக்கு ஊனம் உண்டாக்கியதாகக் காட்டப்படவில்லை. சுவீடனில் 1973 முதல் 1981 வரை கர்ப்ப காலத்தில் நடந்த 5,405 ஒப்பரேசன்களை எடுத்துப் பார்த்து 1989 இல் ஓர் ஆய்வு வந்தது. பிறவி ஊனம் மற்றத் தாய்மாரைவிடக் கூடவில்லை. எடை குறைந்த பிள்ளைகளும் பிறந்த முதல் நாட்களில் இறந்த பிள்ளைகளும் கொஞ்சம் கூடுதலாக இருந்தார்கள். அது மருந்தால் வந்ததா, தாயை மேசைக்குக் கொண்டுவந்த நோயால் வந்ததா என்று பிரிப்பது கடினம். இந்த மருந்துதான் காரணம் என்று எந்த ஒரு மருந்தையும் சுட்டிக்காட்ட அவர்களால் முடியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2016 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து கொடுத்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்று எச்சரித்தது. இணையத்தில் தேடினால் உங்களுக்கு இதுதான் முதலில் வரும். அந்த எச்சரிக்கையின் அடிப்படை விலங்குகளில் செய்த ஆய்வுகள். தங்கச்சி கடைசி மூன்று மாதத்துக்கு இன்னும் போகவில்லை. அப்பெண்டிக்ஸ் ஒப்பரேசன் பொதுவாக ஒரு மணித்தியாலச் சொச்சம்தான். அவசர ஒப்பரேசனைத் தள்ளிப்போட அது காரணம் இல்லை என்று மகப்பேற்று நிபுணர்களின் சங்கங்களும் சொல்லியிருக்கின்றன.

மருந்து பிள்ளைக்குப் போகவே போகாது என்று நான் சொல்லமாட்டேன். நித்திரையாக்கும் மருந்தும் சுவாசிக்கும் வாயுவும் தொப்புள்கொடி வழியாகப் போகும். தாயோடு பிள்ளையும் கொஞ்சம் நித்திரையாகும், அதன் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் குறையும், மருந்து இறங்க அதுவும் பழைய நிலைக்கு வரும். தசையைத் தளர்த்தும் மருந்து மட்டும் கிட்டத்தட்டக் கடக்காது, அதன் அமைப்பு அப்படி.

நான் தியேட்டரில் உண்மையில் கவலைப்படுவது மருந்தின் பெயரைப் பற்றியல்ல. தாயின் ஒட்சிசன், தாயின் பிறஷர், தாயின் வயிற்றில் இருக்கும் சாப்பாடு, இவை மூன்றையும் பற்றித்தான். பிள்ளைக்கென்று தனியாக மூச்சு இல்லை. தாயின் பிறஷர் விழுந்தால் நச்சுக்கொடிக்குப் போகும் இரத்தமும் அதே வேகத்தில் விழும். மூளைக்கு இருப்பது போல, பிறஷர் குறைந்தாலும் தன் பங்கு இரத்தத்தைப் பிடித்துவைக்கும் சக்தி நச்சுக்கொடிக்கு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் செய்ததைச் சொன்னால் விளங்கும். வாட்டிலேயே வாய்வழி எல்லாம் நிறுத்தி, சேலைன் ஏற்றி, செஃபுரொக்சிம், மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைத் தொடங்கியிருந்தார்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல். நோவுக்கு மோர்ஃபின் சின்ன அளவில். நோ குறைந்தால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய பயத்தில் கர்ப்பிணியைத் துடிக்க விடவேண்டியதில்லை. தியேட்டருக்குள் எடுக்குமுன் வயிற்றின் புளிப்பைக் குறைக்கும் மருந்து கொடுத்தோம். கர்ப்பத்தில் இரைப்பையின் வாய் தளர்ந்திருக்கும், மயங்கும் நேரத்தில் புளித்த சாப்பாடு மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் தாய்க்கே ஆபத்து. அதனால் மயக்கியவுடன் ஒரு நிமிடத்துக்குள் மூச்சுக்குழாயில் குழாய் போட்டுவிடுகிறோம். ஆறு மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தாலும் கர்ப்பிணியின் வயிறு வெறுமை என்று நான் நம்புவதில்லை, அதிலும் நோவில் கிடந்தவருடைய வயிறு.

மேசையில் படுத்தவுடன் வலது இடுப்புக்குக் கீழே ஓர் ஆப்பு வைத்து உடலை இடது பக்கம் கிட்டத்தட்ட 15 பாகை சரித்தோம். 20 கிழமைக்கு மேல் நேரே மல்லாக்கப் படுத்தால் கருப்பை பெரிய நாளத்தை அமத்தும், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும், பிறஷர் விழும். சின்ன வேலை, ஆனால் எந்த விலையுயர்ந்த மருந்தையும்விட இது பிள்ளைக்கு உதவும். பிறகு முகமூடியில் மூன்று நிமிடம் தூய ஒட்சிசன். கர்ப்பிணியின் நுரையீரலில் இருப்பு குறைவு, செலவு கூட. மூச்சு நின்றால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் நீலம் பாயும். தொண்டைக்குள் வீக்கம் இருக்கும் என்பதால் ஒரு அளவு சிறிய குழாய் எடுத்துவைத்தோம். நித்திரைக்குப் புரொபொஃபோல், தளர்த்த சக்சமெத்தோனியம், நோவுக்கு ஃபென்ரனில், பிறகு வாயு. பிறஷர் ஒரு தரம் 88 க்கு இறங்கியது. கையில் தயாராக இருந்த மருந்தைப் போட்டு இரண்டு நிமிடத்துக்குள் 110 க்கு ஏற்றினோம். இப்படி இறங்குவது நடக்கும். இறங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிழை.

சர்ஜன் நோ இருந்த இடத்துக்கு நேரே சின்னதாகத் திறந்து எடுத்தார். சிறு துளை போட்டுக் கமரா விட்டுச் செய்யும் லப்பரோஸ்கோபியும் கர்ப்பத்தில் எந்த மாதத்திலும் செய்யலாம். வயிற்றை ஊதும் வாயுவின் அழுத்தத்தை 10 முதல் 15 வரைக்குள் வைத்து, முதல் துளையைக் கருப்பையின் உச்சிக்கு மேலே போடவேண்டும். எது நல்லது என்று சர்ஜனிடம் வாதாடவேண்டாம், அவருடைய கை எதில் பழகியதோ அதுதான் நல்லது. திறந்து செய்வதானால் முதுகில் ஊசி போட்டு விறைக்கச் செய்தும் சில வேளை செய்யலாம், பிள்ளைக்கு மருந்து மிகக் குறைவாகப் போகும். ஆனால் காய்ச்சல் கடுமையாகி, கிருமி இரத்தத்தில் ஏறியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அல்லது பிறஷர் ஏற்கெனவே தளம்பினால் நான் முதுகு ஊசிக்குப் போகமாட்டேன்.

குடல்வால் வீங்கி, நுனி கறுத்து, ஆனால் வெடிக்காமல் இருந்தது. இன்னும் அரை நாள் போயிருந்தால் வெடித்திருக்கும் என்றார் சர்ஜன். 50 நிமிடத்தில் முடிந்தது. கண் விழித்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி எல்லாத் தாய்மாரும் கேட்பதுதான். மிட்வைஃப் டொப்ளர் கருவியை வயிற்றில் வைத்து 144 துடிப்பைக் காதால் கேட்கவைத்தா. 23 கிழமையில் ஒப்பரேசனுக்கு முன்னும் பின்னும் இப்படிக் கேட்டுப் பதிவதே போதும். 24 கிழமை தாண்டிப் பிள்ளை வெளியே உயிர்வாழும் கட்டத்துக்கு வந்திருந்தால் சீரீஜீ இயந்திரத்தில் தொடர்ந்து பார்ப்பார்கள், மகப்பேற்று டொக்டரும் கிட்ட நிற்பார்.

இரண்டாம் நாள் இரவு அவருக்கு வயிறு கல் மாதிரி இறுகி இறுகித் தளர்ந்தது. ஒப்பரேசனுக்குப் பிறகு முதல் சில நாட்களுக்கு உள்ள உண்மையான ஆபத்து இதுதான், முன்கூட்டிய பிரசவ நோ. எல்லாருக்கும் முன்காப்பாக மருந்து கொடுப்பதில்லை, அது பயன் தருவதாகத் தெரியவில்லை. இறுக்கம் வந்தால் கொடுப்போம். நோ குறைக்கும் ஊசி இந்த இறுக்கத்தை மறைத்துவிடலாம் என்பதால் தங்கச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: வயிறு இறுகினாலோ, இடுப்பு விட்டுவிட்டு உளைந்தாலோ, நீரோ இரத்தமோ பட்டாலோ விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே தாதியைக் கூப்பிடவேண்டும். அந்தத் தாய்க்கு நிஃபெடிப்பின் கொடுத்தார்கள், விடியற்காலையில் அடங்கியது. மறுநாளே எழுப்பி நடக்கவைத்தார்கள். கர்ப்பிணியின் இரத்தம் இலகுவில் உறையும் என்பதால் படுத்தே கிடந்தால் காலில் இரத்தக்கட்டி உண்டாகலாம், அதற்கு இறுக்கக் காலுறையும் தேவைப்பட்டால் ஊசியும் உண்டு. நாலாம் நாள் வீட்டுக்குப் போனார்.

இன்னொருவரைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன், சொல்ல விருப்பமில்லாத கதை. 29 கிழமை. வேறு ஓர் ஊரில், வேறு ஓர் இடத்தில் சலக்கிருமி என்று மருந்து கொடுத்து இரண்டு தரம் அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் திடீரென்று நோ குறைந்துவிட்டது, வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அப்பெண்டிக்ஸ் வெடித்ததும் அழுத்தம் குறைந்து நோ கொஞ்ச நேரம் இறங்கும், பிறகு முழு வயிறும் நோகத் தொடங்கும். எங்களிடம் வந்தபோது நாடி 130, வயிறு பலகை. பிள்ளையின் நுரையீரல் முதிரத் தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி போட்டுவிட்டுச் சீழைக் கழுவினோம். அன்றிரவே பிரசவ நோ தொடங்கியது. பிள்ளை குறைமாதக் குழந்தைகள் பிரிவில் ஏழு கிழமை இருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மயக்க மருந்து அந்தத் தாய்க்கும் அதே மருந்துதான், அளவும் கிட்டத்தட்ட அதேதான்.

மாமியாருடைய கற்களை அப்படியே விட்டுவிடவும் கூடாது. பித்தப்பைக் கல் என்றால் அவ சொல்வது பாதி சரி. முதல் தரம் வரும் நோ சேலைன், நோ மருந்து, எண்ணெய் குறைத்த சாப்பாடு என்று அடங்கலாம். ஆனால் திரும்பத் திரும்ப வந்தாலோ, காய்ச்சலோடு பித்தப்பை பழுத்தாலோ, கண் மஞ்சளானாலோ கர்ப்பத்திலேயே எடுப்பது நல்லது. நாலாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் கிடைத்தால் மிக வசதி. வலது விலாவுக்குக் கீழே நோ வரும் கர்ப்பிணிக்கு, 20 கிழமைக்குப் பிறகென்றால், முதலில் பிறஷரைப் பார்க்கச் சொல்லுங்கள். தலையிடி, கண் மங்கல், பிறஷர் ஏற்றம் சேர்ந்திருந்தால் அது கல்லாக இருக்காது, ஈரல் பாதிக்கும் பிறஷர் நோயாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு.

சலக்கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணி குடிக்காமல் வேலை செய்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் மட்டும் கதை மாறும். அடைபட்ட சலத்தில் கிருமி பெருகினால் சில மணித்தியாலத்தில் ஆளைக் கவிழ்க்கும், உடனே உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைத்துச் சலத்தை வடியவிடவேண்டும். அதிர்வலை கொடுத்துக் கல் உடைப்பது மட்டும் கர்ப்பத்தில் கூடாது. ஸ்கேனில் வலது சிறுநீரகம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தால் அதை வைத்துக் கல் என்று முடிவு கட்டவும் வேண்டாம், கருப்பை அமத்துவதால் கல் இல்லாத கர்ப்பிணிக்கும் அப்படி இருக்கும். எங்கள் ஊரில் கல் நோ என்றவுடன் டைக்ளோஃபெனாக் குளிசையைப் பின்வழியாக வைப்பது கைப்பழக்கமாகிவிட்டது. 20 கிழமைக்குப் பிறகு அதையும் ஐபுப்ரொஃபெனையும் தவிர்க்கவேண்டும். பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பன்னீரைக் குறைக்கும், இன்னும் நாள் போனால் பிள்ளையின் இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு இரத்தக்குழாயை நேரத்துக்கு முன் மூடவும்கூடும். ஒப்பரேசனுக்குப் பிறகு வாட்டில் யாராவது மறந்து கொடுக்க வந்தால் "எனக்கு 23 கிழமை" என்று தங்கச்சி சொன்னால் போதும்.

கையெழுத்துப் போடுமுன் இன்றைக்கு மயக்க மருந்து டொக்டர் தங்கச்சியைப் பார்க்க வருவார். கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டது, குடித்தது என்று உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள், ஒரு வாய் பிளேன்டீ என்றாலும். முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது ஏதாவது நடந்ததா, குடும்பத்தில் யாருக்காவது நடந்ததா, ஆஸ்துமா, ஒவ்வாத மருந்து, ஆடும் பல், இவையும். மிட்வைஃப் கொடுத்த கர்ப்ப அட்டையை மறக்காமல் கொடுத்துவிடுங்கள், இரத்த வகை அதில் இருக்கும். ஒப்புதல் தங்கச்சியுடையது. வயது வந்த, நினைவுள்ள பெண்ணுக்கு வேறு ஒருவர் கையெழுத்துப் போடவேண்டியதில்லை, மாமியார் உட்பட. அவவிடம் நீங்கள் பக்குவமாகச் சொல்லுங்கள், பயத்தில்தான் கேட்கிறா.

அப்புறம், இதைச் செய்தால் பிரசவமும் சிசேரியன்தானா என்று இன்றிரவோ நாளையோ யாராவது கட்டாயம் கேட்பார்கள். இல்லை. வெட்டுவது வயிற்றுச் சுவரை, கருப்பையை யாரும் தொடுவதில்லை. சில கிழமையில் காயம் முக்குவதைத் தாங்கும் அளவுக்கு ஆறிவிடும். நான் சொன்ன அந்த வெள்ளிக்கிழமைத் தாய் 39 கிழமையில் சுகப்பிரசவமாக ஒரு பெண்பிள்ளை பெற்றார், 2.9 கிலோ.